கூரியரில் செல்லும் முறுக்கும் ஊறுகாயும்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் எமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுவினர் ஐவர் எமது அலுவலகத்துக்கு வந்தனர். வாட்ஸாப் மூலம் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கைமுறுக்கும் மாங்காய் ஊறுகாயும் விற்கத் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. "ஐயா, முறுக்கு நன்றாக இருக்கிறது என்று வாங்குகிறவர்கள் சொல்கிறார்கள். ஆர்டரும் வருகிறது. ஆனால் கணக்குப் பார்த்தால் கையிலிருந்த பணம் குறைகிறதே ஒழியக் கூடவில்லை" என்றார் குழுவின் ஊக்குநர். வங்கிக் கடனில் ஒரு பகுதியை எடுத்து இத்தொழிலில் போட்டிருந்தனர். தவணை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் கொண்டுவந்த கணக்கு நோட்டை நாம் வரிவரியாகப் பார்த்தோம். அதில் ஒரு பார்சலின் வரலாற்றைக் கூறினாலே பெரும்பகுதி விளங்கிவிடும். அரை கிலோ கைமுறுக்கு செய்ய, மாவு, எண்ணெய், எரிவாயு, கூலி யாவும் சேர்ந்து 115 ரூபாய். பை, பெட்டி, ஒட்டுச்சீட்டு ஆகியவற்றுக்கு 25 ரூபாய். விற்ற விலை 220 ரூபாய். அனுப்பும் செலவு தங்களுடையது என்று விளம்பரம் செய்திருந்தனர். முக்கால் கிலோவும் நிறையாத அப்பார்சலுக்குக் கூரியர்க்காரர் வாங்கிய கட்டணம் 150 ரூபாய். ஆக 290 ரூபாய் செலவழித்து 220 ரூபாய் பெற்றிருக்கின்றனர். ஒவ்வொரு பெட்டியும் 70 ரூபாய் நட்டத்தைச் சுமந்துகொண்டு சென்றிருக்கிறது. ஆர்டர் கூடக்கூட நட்டமும் கூடியதில் வியப்பில்லை.

கூரியர்க்காரர் ஏமாற்றிவிட்டார் என்பது அவர்களுடைய எண்ணம். அது தவறு. கூரியர் நிறுவனங்கள் பார்சலைத் தராசில் மட்டும் நிறுப்பதில்லை, அளவுகோலாலும் நிறுக்கின்றன. வண்டியில் பஞ்சு மூட்டையும் இடத்தை அடைக்கிறது, இரும்புக் கட்டியும் இடத்தை அடைக்கிறது. ஆகவே பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, வரும் தொகையை 5000 ஆல் வகுப்பர். கிடைப்பது இத்தனை கிலோ என்று வைத்துக்கொள்ளப்படும். இதற்குக் கன அளவு எடை என்று பெயர். தராசு எடை, கன அளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். சில நிறுவனங்கள் 5000-க்குப் பதிலாக 4000 போன்ற சிறிய எண்ணால் வகுக்கின்றன; அப்போது பெட்டி இன்னும் கனத்ததாகிவிடும். எந்த எண்ணால் வகுக்கிறீர்கள் என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழுவினர் பயன்படுத்திய பெட்டி 24 நீளம், 20 அகலம், 15 உயரம். பெருக்கினால் 7200, 5000 ஆல் வகுத்தால் 1.44 கிலோ. அவர்கள் ஒப்புக்கொண்டிருந்த கட்டணம் ஒவ்வொரு அரை கிலோவுக்கும் 50 ரூபாய்; அரை கிலோவில் ஒரு பங்கு கூடினாலும் முழு அரை கிலோவாகவே கொள்ளப்படும். எனவே 1.44 என்பது ஒன்றரை ஆயிற்று. கட்டணம் 150 ஆயிற்று. அகன்ற கைமுறுக்கு உடையாமலிருக்க வேண்டுமென்று பெரிய பெட்டி எடுத்து, சுற்றிலும் காகிதம் திணித்திருந்தனர். காகிதத்துக்கும் காற்றுக்கும் கூலி கொடுத்திருந்தனர் என்பதே உண்மை.

ஊறுகாயின் கதை இதற்கு நேர் எதிரானது. ஊறுகாய் சிறிய இடத்தில் அடங்கும், ஆனால் கனக்கும். அதனையும் அவர்கள் கண்ணாடிப் புட்டியில் அனுப்பினர். புட்டியின் கனமே கால் கிலோவுக்கு அருகில். இரண்டு புட்டிகள் வழியில் உடைந்தன என்பது வேறு.

இங்கேதான் ஓர் எளிய வழி இருக்கிறது. முறுக்கு இடத்துக்குக் கூலி கேட்கிறது. ஊறுகாய் எடைக்குக் கூலி கேட்கிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால், ஒன்றுக்குக் கொடுத்த கூலியிலேயே மற்றொன்றும் சென்றுவிடும். குழுவினர் கைமுறுக்கை உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியதாகச் சுற்றத் தொடங்கினர். சிறிய முறுக்கை அடுக்கி வைக்கலாம், உடைவதும் குறைவு. 22 நீளம், 16 அகலம், 13 உயரமுள்ள பெட்டியில் அடியில் கால் கிலோ ஊறுகாய்ப் பை படுத்த வாக்கில். அதன்மேல் ஓர் அட்டைத் தடுப்பு. அதன்மேல் அரை கிலோ முறுக்கு. 22, 16, 13 மூன்றையும் பெருக்கினால் 4576. கன அளவு எடை 0.92 கிலோ. தராசில் நிறுத்தால், முறுக்கு 500 கிராம், ஊறுகாய் 250, பைகள் 40, பெட்டி 130, ஆக 920 கிராம். இரு எடைகளும் ஒரு கிலோவுக்குள் நிற்கின்றன. கட்டணம் 100 ரூபாய்.

இப்பொழுது கணக்கு இவ்வாறு நிற்கிறது. முறுக்கு செய்ய 115, ஊறுகாய் செய்ய 55, கட்டுமானத்துக்கு 30, கூரியருக்கு 100, மொத்தம் 300 ரூபாய். முறுக்கு 220, ஊறுகாய் 120, அனுப்பும் செலவில் வாங்குபவர் பங்கு 60, ஆக வரவு 400. ஒரு பெட்டிக்கு 100 ரூபாய் மிஞ்சுகிறது. கூரியர்க் கட்டணம் ஊருக்கு ஊர் மாறுபடும். இத்தொகைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கணக்கிடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்க. அனுப்பும் செலவு இலவசம் என்று விளம்பரம் செய்வதை நாம் விரும்பவில்லை. அது எவருக்கும் இலவசமன்று. கொடுப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

ஆனால் ஊறுகாயையும் முறுக்கையும் ஒரே பெட்டியில் வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. ஊறுகாயின் எண்ணெய் ஒரு சொட்டு கசிந்தாலும் முறுக்கு முழுவதும் வீணாகும். கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் பையின் தரமன்று; பையின் வாயில் பட்ட எண்ணெய்தான். சீல் வைக்குமிடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், சூட்டில் இரு பக்கங்களும் ஒட்டியதுபோல் தோன்றும். வண்டியின் குலுக்கலில் பிரிந்துவிடும். ஆதலால் அகன்ற வாயுள்ள புனலை வைத்து ஊறுகாயை நிரப்ப வேண்டும். வாயின் உட்புறத்தைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். விரற்கடை இடைவெளி விட்டு இரண்டு வரி சீல் இடவேண்டும். அலுமினியத் தாள் சேர்ந்த கனமான பைகளுக்குக் கைச்சீல் இயந்திரத்தின் சூட்டைக் கூட்டி, சற்றுக் கூடுதல் நேரம் அழுத்த வேண்டும். பிறகு பையைத் தலைகீழாக வெள்ளைத் தாளின்மேல் ஓரிரவு வைத்து எடைக்கல்லை ஏற்றி விடுக. காலையில் தாளில் எண்ணெய்க் கறை காணப்பட்டால் அப்பை வெளியே போகத் தக்கதன்று. கறை இல்லாதவற்றையும் இன்னொரு பைக்குள் இட்டே பெட்டியில் வைக்க வேண்டும்.

மற்றொரு காரணமும் உண்டு. போட்ட நான்காம் நாளே ஊறுகாயைப் பையில் அடைத்தால், அது உள்ளே புளித்துக் காற்றை வெளியிடும். பை உப்பும், சீல் விட்டுப்போகும். ஜாடியில் தினமும் கிளறி மூன்று வாரமாவது ஊறி அடங்கிய பிறகே பையில் இடவேண்டும். உப்பிய பை எவர் வீட்டில் இருந்தாலும் அதைச் சுவைத்துப் பார்க்கக் கூடாது; எறிந்துவிட வேண்டும். இதனை வாங்குபவருக்கும் சீட்டில் தெரிவித்து வைப்பது நல்லது.

ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கு உப்பு, புளிப்பு, எண்ணெய் மூன்றும் காவல். நம் வீடுகளில் உப்பைக் கையளவாகப் போடுவர். வீட்டுக்கு அது போதும், விற்பனைக்குப் போதாது. இக்குழுவினர் ஒரு கிலோ மாங்காய்த் துண்டுக்கு 200 கிராம் கல்லுப்பு என்று நிறுத்தே போடுகின்றனர். கழுவிய மாங்காயைத் துடைத்து, ஈரம் அறவே போகும்வரை நிழலில் உலர்த்திய பிறகே வெட்டுகின்றனர். எண்ணெய் ஊறுகாயில் துண்டுகள் எண்ணெயில் அமிழ்ந்திருக்க வேண்டுமென்று உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. எண்ணெய்க்கு மேல் தலைநீட்டும் துண்டில்தான் பூஞ்சணம் முதலில் பூக்கிறது. பெட்டி வழியில் பல முறை புரளும் என்பதால், பையில் காற்றைக் கூடியமட்டும் அழுத்தி வெளியேற்றிவிட்டு அடைத்தால், பை எப்பக்கம் கிடந்தாலும் துண்டுகள் எண்ணெயிலேயே இருக்கும்.

பூண்டு ஊறுகாயும் செய்யலாமா என்று அவர்கள் கேட்டனர். இப்பொழுது வேண்டாம் என்றே கூறினோம். மாங்காய்க்கும் எலுமிச்சைக்கும் இயற்கையான புளிப்பு உண்டு, பூண்டுக்கு இல்லை. காற்றுப் புகாத எண்ணெயின் அடியில், புளிப்பில்லாத பூண்டில், உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் ஒருவகைக் கிருமி வளரக்கூடும். அந்நஞ்சு நாற்றத்தாலோ சுவையாலோ தன்னைக் காட்டிக்கொள்ளாது என்பதே கொடுமை. புளிப்பை அளக்கும் அளவில் எண் 4.6-க்குக் கீழே இருந்தால் அக்கிருமி வளராது. புளி, எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் போதிய அளவு சேர்த்து, ஆய்வுக்கூடத்தில் அளந்து உறுதி செய்துகொண்ட பிறகே பூண்டில் இறங்க வேண்டும்.

முறுக்கைப் பற்றிய கவலை வேறு. அதில் ஈரம் மிகக் குறைவாதலால் கிருமிகள் எளிதில் வளரா. அதனைக் கெடுப்பவை இரண்டு: ஈரக்காற்றால் நமுத்துப்போதல், எண்ணெய் சிக்குப் பிடித்தல். சூடு ஆறுமுன் பையில் இட்டால், ஆவி உள்ளேயே நீர்த்துளியாகி முறுக்கு நமுக்கும். இரவெல்லாம் திறந்து வைத்தால் வெளியீரத்தை வாங்கி நமுக்கும். ஆறியவுடன் அடைப்பதே முறை. சிக்கு வாடைக்குக் காரணம் எண்ணெயோடு காற்றும் வெளிச்சமும் சேர்வது. பழைய எண்ணெயில் சுட்டது விரைவில் சிக்குப் பிடிக்கும். நேற்றைய எண்ணெயோடு இன்று புதியதை ஊற்றிச் சரிசெய்வது நம் வழக்கம். ஆனால் பழையது புதியதையும் தன்வழிக்கு இழுத்துவிடும். எண்ணெய் கறுத்தாலும், நுரைத்தாலும், பிசுபிசுத்தாலும், முன்னைவிடச் சீக்கிரம் புகைந்தாலும் அதனை நீக்கிவிட வேண்டும். பொரித்த எண்ணெயில் கெட்ட கூறுகள் நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் சேர்ந்தால் பயன்படுத்தலாகாது என்று 2018-ஆம் ஆண்டு முதல் விதியே இருக்கிறது.

இனி, எத்தனை நாள் இருக்கும் என்று சீட்டில் அச்சிடுவது? குழுவினர் மூன்று மாதம் என்று அச்சிட்டிருந்தனர். எப்படித் தெரியும் என்று வினவினோம். கடையில் வாங்கிய ஒரு பையில் அவ்வாறு இருந்தது என்றனர். அந்தப் பை நைட்ரஜன் வாயு நிரப்பித் தொழிற்சாலையில் அடைத்தது. இவர்களுடையது மெல்லிய கண்ணாடிப் பை. ஆகவே ஒரே நாளில் சுட்ட முறுக்கில் எட்டுப் பொட்டலம் மெல்லிய பையிலும், எட்டுப் பொட்டலம் அலுமினியத் தாள் சேர்ந்த பையிலும் அடைத்து, குளிர்பெட்டியில் அல்லாமல் சாதாரண அலமாரியில் வைக்கச் சொன்னோம். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றைத் திறந்து, முதலில் முகர்ந்து, பிறகு கடித்து, பிறகு நாவில் காறல் நிற்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். சுட்டவரே சோதிக்கக் கூடாது. அவருக்குத் தம் முறுக்கு என்றும் நன்றாகவே இருக்கும். பக்கத்து வீட்டார் இருவர் சோதித்தனர். மெல்லிய பையிலிருந்தது மூன்றாம் வாரத்திலேயே சிக்கு வாடை காட்டியது. அலுமினியப் பையிலிருந்தது ஐந்தாம் வாரம்வரை நன்றாயிருந்து, ஆறாம் வாரம் காறத் தொடங்கியது. சோதனை முடிந்ததும், சீட்டில் 30 நாள் என்று அச்சிட முடிவாயிற்று. ஐந்து வாரம் முழுவதையும் எழுதாமல் சற்றுக் குறைத்தது ஏனெனில், பார்சல் வண்டியின் வெப்பம் நம் அலமாரியில் இல்லை.

அதனால் மற்றொரு கடமையும் வந்தது. 30 நாள் பண்டத்தை முன்கூட்டிச் சுட்டு அடுக்கி வைக்க இயலாது. திங்கள், செவ்வாய் ஆர்டர் சேர்த்து, புதனன்று சுட்டு, வியாழனன்று அனுப்புகின்றனர். பெரிய இணைய விற்பனைத் தளங்களில் சேர விரும்புவோர் இன்னொன்றையும் அறிதல் நலம். வாங்குபவர் கைக்கு வரும்போது, மொத்த நாளில் நூற்றுக்கு 30 பங்கோ அல்லது 45 நாளோ மிச்சம் இருக்கவேண்டும் என்று 2024-ஆம் ஆண்டு நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அத்தளங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

வீட்டில் செய்தாலும் விற்பனைக்கென்று செய்வோர் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2011-ஆம் ஆண்டு விதிகளில், ஆண்டு விற்பனை 12 இலட்சம் ரூபாய்க்குட்பட்ட சிறு தொழிலுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் பதிவு என்று வகுத்தனர். இத்தகைய வரம்புகள் திருத்தப்படுவதுண்டு. விண்ணப்பிக்கும் அன்று FoSCoS என்னும் இணையதளத்தில் காண்பதே கணக்கு. இ-சேவை மையத்தில் அடையாளச் சான்றும் புகைப்படமும் கொடுத்து விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பையின்மேல் அச்சிட வேண்டும். அதனுடன் பண்டத்தின் பெயர், சேர்ந்த பொருள்கள் எடை கூடியது முதலாக வரிசையில், நிகர எடை, செய்த நாள், எந்நாளுக்குள் உண்ண வேண்டும் என்பது, தொகுதி எண், விலை, செய்தவர் முகவரி, தொலைபேசி எண், சைவத்தைக் குறிக்கும் பச்சைப் புள்ளி ஆகியவையும் வேண்டும். நிலக்கடலையோ பாலோ கோதுமையோ சேர்ந்திருந்தால், ஒவ்வாமை உள்ளோருக்காக அதனைத் தனியே குறிக்க வேண்டும். செய்தித்தாளில் பண்டத்தைச் சுற்றுவது விலக்கப்பட்டுள்ளது. அச்சு மை எண்ணெயில் கரைந்து பண்டத்தில் ஏறும்.

தொகுதி எண்ணைப் பலர் வெறும் சடங்காக எண்ணுகின்றனர். ஒருவர் குறை கூறினால், அன்று ஒரே எண்ணெயில் சுட்ட மற்றப் பொட்டலங்கள் யார் யாரிடம் சென்றன என்று நோட்டைப் பார்த்துத் திரும்பப் பெற அது ஒன்றே வழி.

பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் சுட்டதை அப்பெயரால் விற்கலாகாது. நம் ஊர்ப் பெயரையே போட்டால் என்ன குறைந்துவிடும்?

பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்தபோது குழுவினர் மகிழ்ந்தனர். நாம் சற்றுத் தடுத்தோம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு வியாபாரிக்கு, விற்பனை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. வரிக்குட்பட்ட பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றாலோ, விற்பனை எவ்வளவு சிறிதாயினும் பதிவு வேண்டும். ஊறுகாயும் முறுக்கும் வரிக்குட்பட்டவை. எனவே முதலாண்டில் மாநிலத்துக்குள்ளேயே விற்பது என்று முடிவு செய்தனர்.

கட்டி முடித்த பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குக. உள்ளே பண்டம் நகரும் ஓசை கேட்டால் இடைவெளி இருக்கிறது, முறுக்கு பொடியாகும். மாதிரிப் பெட்டி ஒன்றை இடுப்பளவு உயரத்திலிருந்து ஆறு பக்கங்களும் படும்படி ஆறு முறை கீழே போட்டுத் திறந்து பார்க்க வேண்டும். இக்குழுவினரின் புதிய பெட்டியில் முதல் சோதனையில் பதினொரு முறுக்கு உடைந்தன. மேலே ஓர் அட்டையைக் கூடுதலாக வைத்தபின் இரண்டே உடைந்தன.

பணத்தைப் பொருள் சேர்ந்தபின் வாங்கும் முறையை அவர்கள் நிறுத்திவிட்டனர். வாங்காமல் திருப்பி அனுப்பப்படும் பெட்டிக்கு இரு வழிக் கட்டணமும் நம் தலையில் விழுகிறது. பத்து நாள் வெயிலில் அலைந்து திரும்பிவந்த முறுக்கை, சீட்டில் இன்னும் நாள் இருந்தாலும், வேறொருவருக்கு அனுப்புவதில்லை என்று குழுக் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதி வைத்திருக்கின்றனர். தீபாவளிக்கு முன்பே வங்கித் தவணையையும் கட்டி முடித்தனர்.